லக்னத்தையும் சேர்த்து ஏழு

சின்னசேலத்துக்காரனின் ஜாதகமும் ஆகாது என்று கொளஞ்சியப்பன் செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னார். மகள் அபிநயா அப்போது மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சோற்று டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மலைமேல் ஒரு துணை சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். கச்சிராயபாளையத்தில் ஏறினால் வெள்ளிமலை தாண்டி இறங்கவேண்டும். பன்னிரண்டு வருஷமாக அதே பஸ்.

"ஏழுல சனி," என்றார்.

அவள் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். முப்பத்துநாலு வயசுப் பெண். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"சரிப்பா. இதோட வுட்டுடு. இனிமே எனக்கு யாரையும் பாக்காத."

போய்விட்டாள். இது அவள் கடைசியாக ஒத்துக்கொண்ட வரன் என்று கொளஞ்சியப்பனுக்குத் தெரியும். போன வாரமே சொல்லியிருந்தாள், இது ஒன்று மட்டும், இதற்குமேல் என்னைக் கேட்காதே என்று. மாப்பிள்ளை தமிழழகன், நாற்பத்தோரு வயசு, சின்னசேலத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. பெண்டாட்டி செத்து நாலு வருஷம். ஒரு பெண் பிள்ளை. போட்டோவைப் பார்த்துவிட்டு அபிநயா, ஆள் பார்க்க அமைதியாக இருக்கிறார் என்று தன் அம்மா பாப்பாத்தியிடம் சொன்னாளாம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பாப்பாத்தி நாலு நாளாக வீட்டுக்குள் நடக்கிற நடையே வேறாக இருந்தது. இன்றைக்குக் காலையில் அது நின்றுபோனது.

கொளஞ்சியப்பன் வேண்டுமென்று செய்கிறவர் இல்லை. அதையும் சொல்லிவிடவேண்டும். மூத்தவள் தேவிப்ரியாவுக்குப் பதினைந்து வருஷம் முன்னால் கல்யாணம் செய்தபோது அவருக்கு ஜாதகத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. ஜோசியர் பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்றார். இவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். மூன்றாம் வருஷம் மருமகன் உளுந்தூர்பேட்டை ரோட்டில் வண்டியோடு லாரியில் மோதிச் செத்தான். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் அதே ஜோசியர், பையனுக்கு ஆயுசைச் சொல்கிற எட்டாமிடம் சரியில்லை, நான் அப்போதே கோடி காட்டினேனே என்றார். கொளஞ்சியப்பன் எழுந்துபோய் அவர் செருப்பை எடுத்துத் தெருவில் வைத்தார். அதற்குப் பிறகு எந்த ஜோசியர் வாசலையும் மிதிக்கவில்லை. தேவிப்ரியா சேலத்தில் ஒரு துணிக்கடையில் நின்று பிள்ளையைப் படிக்கவைக்கிறாள்.

சின்னவள் விஷயத்திலாவது ஏமாறக்கூடாது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சாக்கை விரித்துப் புத்தகம் விற்கிறவனிடம், ஜாதகம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிற சின்னப் புத்தகம் ஒன்றை வாங்கினார். நாலாவதுவரை படித்தவர். மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, கரும்புக்குத் தண்ணீர் பாய்கிற நேரத்தில் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். முதல் நாலைந்து பக்கம் சாமி கும்பிடுவது, முன்னுரை, யார் யாருக்கோ நன்றி. அதையெல்லாம் தள்ளிவிட்டார். காசுக்குப் பக்கம் சேர்க்கிற வேலை என்று அவருக்குத் தோன்றியது. கட்டம் போட்ட பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தார்.

ஒரு மாசத்தில் கட்டம் பிடிபட்டது. நாலுக்கு நாலு கோடு போட்டு, நடுவில் நிற்கிற நாலு கட்டத்தையும் ஒன்றாக்கி ராசி என்று எழுதிவிட்டால் சுற்றிலும் பன்னிரண்டு வீடு. மேல் வரிசையில் இடது மூலை மீனம். பக்கத்தில் மேஷம், ரிஷபம், வலது மூலையில் மிதுனம். வலது பக்கம் இறங்கினால் கடகம், சிம்மம், கீழ் மூலையில் கன்னி. கீழ் வரிசையில் வலமிருந்து இடமாக வந்தால் துலாம், விருச்சிகம், மூலையில் தனுசு. அங்கிருந்து ஏறினால் மகரம், கும்பம், திரும்பவும் மீனம். இந்த இடம் எவன் ஜாதகத்திலும் மாறாது. மாறுவது கிரகமும் லக்னமும்தான். எந்தக் கட்டத்தில் 'ல' என்று போட்டிருக்கிறதோ அதிலிருந்து எண்ணவேண்டும். ஏழாவது வீடு கல்யாண வீடு. 'சந்' என்று போட்டிருக்கிற கட்டம் அவனவன் ராசி, அதிலிருந்து எண்ணினால் வேறு கணக்கு. பக்கத்தில் அம்சம் என்று இன்னொரு கட்டம் இருக்கும், ஆரம்பத்தில் அதைத் தொடாதே. எல்லாம் சரியாகத்தான் கற்றுக்கொண்டார்.

எண்ணுவதை மட்டும் அவர் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. அது கைவசம் இருந்தது. கோமுகி வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடும்போது அவர்தான் முறை சொல்லுகிறவர். தன் கழனி பாய்ந்து முடிந்ததும் மடையைத் திருப்பி, அடுத்த கழனியைக் காட்டி ஒன்று என்பார். ஏழாவது முறை யாருக்கு என்றால் அப்படித்தான் எண்ணுவார்கள். பாய்ந்து முடிந்த கழனியை யாரும் சேர்த்து எண்ணமாட்டார்கள். லக்னத்தையும் அவர் அப்படியே வைத்தார். அது நாம் நிற்கிற இடம், அடுத்த கட்டம்தான் ஒன்று. அதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அபிநயா ஜாதகத்தை முதலில் எண்ணினார். கடக லக்னம். சிம்மம் ஒன்று, கன்னி இரண்டு என்று போய்க் கும்பத்தில் ஏழு. கும்பம் காலி, துடைத்துவிட்டது மாதிரி. என் பெண்ணுடைய ஏழாமிடம் சுத்தம், வருகிறவனுடையதும் சுத்தமாக இருக்கவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தார். வந்த ஜாதகமெல்லாம் அந்த எண்ணிக்கையில் விழுந்தன. ஒருவனுக்கு ராகு, ஒருவனுக்குச் செவ்வாய். இப்படித் திருப்பி அனுப்பினது ஒன்பது வருஷத்தில் பதினேழு பேரை.

அதில் முதல் ஆள் வெங்கடேசன்.

திருநாவலூர்ப் பையன். மலைமேல் ரேஷன் கடையில் விற்பனையாளர். அவனும் அபிநயாவும் ஒரே பஸ்ஸில் போய்வந்தவர்கள். அவன் முறையாகத் தன் அப்பாவிடம் சொல்லி, தரகர் பழனி மூலமாக நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஜாதகத்தை அனுப்பினான். அபிநயாவுக்கு அப்போது இருபத்தைந்து. தினமும் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே நடமாடினாள். கொளஞ்சியப்பன் மோட்டார் கொட்டகையில் வைத்து எண்ணினார். ரிஷப லக்னம். மிதுனம் ஒன்று, கடகம் இரண்டு. தனுசில் வந்து நின்றது ஏழு. தனுசில் சனி.

ஏழில் சனி இருந்தால் குடும்பம் காய்ந்துபோகும் என்று அவர் நம்பினார். ஆகாது என்றார்.

பழனி இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தார். பையன் வீட்டில் லக்னத்தையும் சேர்த்து எண்ணச் சொல்கிறார்கள், அப்படி எண்ணினால் ஏழாமிடம் விருச்சிகம், அது காலி என்கிறார்கள் என்றார். கொளஞ்சியப்பனுக்கு அப்போதுதான் நிச்சயமானது, இவர்கள் ஏமாற்றுகிறவர்கள் என்று.

"சனிய மறைக்கறதுக்கு ஒரு கட்டத்தையே தள்ளி வைக்கிறானுவளா? போய்ச் சொல்லு, கட்டத்த நகத்துறவன் நாளைக்கி வரப்பையும் நகத்துவான்னு."

அபிநயா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளும் ஏதோ சொன்னாள். இன்னது என்று அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழனி கோபத்தில் ஜாதகத்தை வாங்காமலே போய்விட்டார். அது அந்தச் சின்னப் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கொளஞ்சியப்பனும் பாப்பாத்தியும் கள்ளக்குறிச்சியில் இறங்கி, உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற திருமணத் தகவல் நிலையத்துக்குப் போனார்கள். சின்னசேலத்து ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். நிலையத்தை நடத்துகிறவள் ரங்கம்மாள், ஐம்பதுக்குள் இருக்கும். சுவர் முழுக்கக் கோப்பு. மேசைக்கு எதிரில் பெரிதாக ஒரு ராசிக் கட்டம் பெயிண்டில் எழுதி மாட்டியிருந்தது. வருகிற ஆட்களெல்லாம் தாங்களே பார்த்துவிட்டு வந்து தகராறு செய்கிறார்கள் என்று அவள் எழுதிவைத்தது.

ரங்கம்மாள் ஜாதகத்தை வாங்கவில்லை.

"இன்னா குறை கண்டீங்க ஐயா? எனக்கே இது நல்ல ஜாதகமாத்தான் தோணுச்சி."

ஏழில் சனி என்றார். ரங்கம்மாள் காகிதத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தாள். எங்கே என்று கேட்டாள். கொளஞ்சியப்பனுக்கு எரிச்சல் வந்தது. எழுந்துபோய்ச் சுவரில் இருந்த கட்டத்தில் விரலை வைத்தார். மீன லக்னம். மேல் இடது மூலை. விரலை எடுத்து மேஷத்தில் வைத்து ஒன்று என்றார். ரிஷபம் இரண்டு. வலது பக்கம் இறங்கி, கீழே திரும்பி, துலாத்தில் ஏழு.

அறையில் இன்னும் இரண்டு குடும்பம் உட்கார்ந்திருந்தது. ரங்கம்மாள் அவர்களுக்குக் கேட்காதபடி பக்கத்தில் வந்து நின்றாள். அவர் விரலைத் தொடவில்லை. தன் விரலை மீனத்தில் வைத்தாள்.

"இதுதான் ஒண்ணு, ஐயா. லக்னமே மொத வூடு. அது ஆளு. ஆள வுட்டுட்டு எண்ண முடியுமா?"

மீனம், மேஷம், ரிஷபம் என்று அவள் விரல் போனது. கீழ் வலது மூலையில், கன்னியில் நின்றது ஏழு. எண்ணக்கூட வேண்டாம் என்றாள். எந்த வீட்டிலிருந்தும் ஏழாவது வீடு நேர் எதிரில்தான் இருக்கும். மூலைக்கு மூலை. ஆளுக்கு எதிரில் உட்காருகிறவள்தானே பெண்டாட்டி, அப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். எதிரில் வராவிட்டால் எண்ணினது தப்பு.

"கன்னி காலியாத்தான் கெடக்கு. காலியா இருந்தா குத்தம் இல்ல. அந்த வூட்டுக்காரரு புதன், அவரு எங்க நிக்கிறாருன்னு பாப்பாங்க. சனி இருக்கறது எட்டுல. எட்டுல சனின்னா ஆயுசு கெட்டின்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க."

கொளஞ்சியப்பனுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. ஆயுசு கெட்டி என்பது மட்டும் விழுந்தது. மூத்த மருமகனுக்கு இல்லாமல் போனது அது ஒன்றுதான். வேறு எதற்காக இத்தனை வருஷம் எண்ணினார்?

நின்றபடியே அபிநயாவின் ஜாதகத்தை எடுக்கச் சொன்னார். ரங்கம்மாள் கோப்பிலிருந்து எடுத்துக்கொடுத்தாள். கடக லக்னம். நேர் எதிரே பார்த்தார். மகரம். மகரத்தில் சனி.

அவர் பெண்ணின் கல்யாண வீட்டிலேயே சனி உட்கார்ந்திருந்தது, முப்பத்துநாலு வருஷமாக. அதைப் பார்க்காமல் பக்கத்துக் காலி வீட்டைப் பார்த்து, சுத்தம் சுத்தம் என்று சொல்லி, சனி இருக்கிறவன் வேண்டாமென்று ஊரைத் துரத்தியிருக்கிறார்.

ரங்கம்மாள் அவர் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள். பயப்படவேண்டாம் என்றாள். மகரம் சனியின் சொந்த வீடு, லக்னத்தில் குரு உச்சமாக நின்று நேராக ஏழாம் வீட்டைப் பார்க்கிறார், வாழ்க்கை நன்றாகவே அமையும் என்றாள். "என்னா, கொஞ்சம் லேட் பண்ணும். அவ்ளோதான்."

லேட் செய்தது யார் என்று அந்த அறையில் அவருக்கும் பாப்பாத்திக்கும் மட்டும் தெரியும். அவள் புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள். சின்னசேலத்து ஜாதகம் என்னிடமே இருக்கட்டும் என்று அவர் சட்டைப்பையில் திரும்ப வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மோட்டார் கொட்டகைக்குப் போனார். புத்தகத்திலிருந்து வெங்கடேசனின் ஜாதகத்தை எடுத்தார். மஞ்சள் வெளுத்து மூலை மட்டும் பழுப்பாக இருந்தது. ரிஷபத்துக்கு எதிரே விருச்சிகம். காலி. சனி அடுத்த வீட்டில், எட்டில். பிறகு புத்தகத்தின் முதல் பக்கங்களைத் திறந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. முன்னுரை முடிந்ததும் மூன்றாவது வரியிலேயே இருந்தது: லக்னம் நின்ற வீட்டை ஒன்று எனக் கொண்டு எண்ணுக.

அன்றைக்குச் சாயங்காலம் அபிநயா வந்தபோது அவர் இரண்டு காகிதத்தையும் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

புதன்கிழமை அவள் போன பிறகு அடுத்த பஸ்ஸைப் பிடித்து அவரும் மலை ஏறினார். அவள் வேலை செய்கிற இடத்துக்கு அவர் இதற்குமுன் போனது ஒரே தடவை. மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் மஞ்சள் பெயிண்ட் அடித்த சின்னக் கட்டடம். புதன்கிழமை தடுப்பூசி நாள். வாசலில் பிள்ளைகளோடு பத்துப் பதினைந்து பெண்கள். அபிநயா ஒரு குழந்தையின் தொடையைப் பஞ்சால் அழுத்திக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும், அம்மாவுக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டாள்.

ஒன்றுமில்லை என்றார். காத்திருந்தார். பன்னிரண்டரைக்கு அவள் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு காகிதத்தையும் எடுத்தார். வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல நினைத்துவைத்திருந்தார். எல்லாம் போய் ஒரு வார்த்தைதான் வந்தது.

"நான் எண்ணுனது தப்பும்மா."

அவள் பழைய காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். உடனே அடையாளம் தெரிந்தது.

"தெரியும்ப்பா. அன்னைக்கே சொன்னேன். பழனி மாமா வந்தாரே, அன்னைக்கி. லக்னத்தையும் சேத்துதான் எண்ணணும்னு சொன்னேன். நீ என்னா சொன்ன, ஞாபகம் இருக்குதா?"

அவருக்கு ஞாபகம் இல்லை.

"அவன் சொல்லிக் குடுத்தத இங்க வந்து ஒப்பிக்கிறியான்னு கேட்ட. அதுக்கப்பறம் நான் வாயே தொறக்கல."

அவள் குரலில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். காகிதத்தை மடித்துத் திரும்ப அவரிடமே கொடுத்தாள்.

"அவரு இன்னும் இங்கதான் இருக்காரு. ரெண்டு புள்ளைங்க. பெரியவளுக்கு அஞ்சு வயசு ஊசி நாந்தான் போட்டேன். இத வச்சிக்கினு என்னா பண்ணப்போற? கிழிச்சிப் போட்டுடு."

கொளஞ்சியப்பன் இன்னொரு காகிதத்தை நீட்டினார். சின்னசேலத்துக்காரனுக்கும் சனி எட்டில்தான், ஏழு காலி, ரங்கம்மாளே பார்த்துவிட்டாள், இன்றைக்கே போய்ச் சரி என்று சொல்லிவிடுகிறேன் என்று வேகவேகமாகச் சொன்னார். அவர் வாழ்நாளில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியது கிடையாது. கேட்டுக்கொண்டே இருந்தவள், அவர் முடித்ததும் வேண்டாம் என்றாள்.

"நேத்து நீ ஆவாதுன்னு சொன்னியே, அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சிப்பா. அதுவே எனக்கு பயமாப் போச்சி. அந்த ஆளும் பாவம், புள்ளைய வச்சிக்கினு இருக்காரு. நிம்மதின்னு நெனைக்கிறவள எதுக்கு அவரு கட்டிக்கணும்? குடுத்துடு. அவராவது வேற எடம் பாக்கட்டும்."

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. அவள் எழுந்தாள். தன் சோற்று டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் போட்டு அவர் மடியில் வைத்துவிட்டு, ரெண்டு மணிக்கு பஸ் இருக்கிறது, வளைவில் தலையை வெளியே நீட்டாதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். புளிச்சோறு. அவர் சாப்பிட்டார். சாப்பிடாமல் வைத்துவிட்டுப் போனால் அதற்கும் அவள் வருத்தப்படுவாள் என்று சாப்பிட்டார்.

வியாழக்கிழமை தனியாகத் தகவல் நிலையத்துக்குப் போய்ச் சின்னசேலத்து ஜாதகத்தைக் கொடுத்தார். அபிநயாவுடையதைக் கோப்பிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். முடிந்துவிட்டதா ஐயா என்று ரங்கம்மாள் சந்தோஷமாகக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கு விளங்கவில்லை. எடுத்துக்கொடுத்தாள்.

கதவருகே ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவர் வயசுதான் இருக்கும், கழுத்தில் துண்டு, வெயிலில் காய்ந்த கை. மடியில் ஒரு ஜாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். விரல் 'ல' என்று போட்ட கட்டத்தில் இருந்தது. அது கிளம்பி அடுத்த கட்டத்துக்குப் போய், ஒன்று என்றது.

கொளஞ்சியப்பன் குனிந்து அந்த விரலைப் பிடித்துப் பழைய கட்டத்தில் வைத்தார்.

"இங்கேருந்துங்க. இதையும் சேத்து."

அந்த ஆள் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார். மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யாரு? மாப்ள வூட்டுக்காரனா?"

கொளஞ்சியப்பன் இல்லை என்றார். அந்த ஆள் நம்பவில்லை. காகிதத்தை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் மறுபடியும் முதலிலிருந்து எண்ணுகிற சத்தம் மெல்லக் கேட்டது.